ஜோடி டயரில் உள் டயர்: தகுதிச் சோதனைக்கு முன் பார்க்க வேண்டியவை

லாரியை வருடாந்தரத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோகிறவர்கள் முன் டயரையும் வெளியே தெரியும் பின் டயரையும் நன்றாகவே பார்த்துவிடுகிறார்கள். பின் அச்சில் உள்பக்கம் இருக்கும் டயர்தான் விட்டுப்போகிறது. குழிக்குள் இறங்கி நிற்கும் சோதனையாளருக்கோ அது கண்ணெதிரே இருக்கும். ஆகவே இங்கே பின் ஜோடியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பின் சக்கரங்களைக் கழுவுங்கள். டயர் ஆறியிருக்க வேண்டும். நல்ல டார்ச், ஆழமானி, காற்று அளவுமானி, முனை மழுங்கிய ஒரு கம்பி போதும். ஆழமானியில் எளிய ஊசி வகையே சிறந்தது. உள் டயருக்குக் கையை வளைத்து நுழைக்கும்போது பெரிய கருவி இடிக்கும். அளக்கும் முன் அதைக் கண்ணாடியின் மேல் அழுத்தி, பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

1. இரண்டுக்கும் நடுவே

தரையைத் தொடும் இடத்தில்தான் டயர் பிதுங்கும். அங்கே குனிந்து டார்ச் அடித்தால் இரண்டு டயருக்கும் இடையே வெளிச்சம் மறுபக்கம் போக வேண்டும். பக்கச்சுவர்கள் உரசினால், உரசிய இடம் வட்டமாகப் பளபளக்கும். கல் சிக்கியிருந்தால் காற்றை இறக்காமல் நெம்பாதீர்கள். வெட்டு தெரிந்தால் மழுங்கிய கம்பியால் மெதுவாக விரித்துப் பாருங்கள். உள்ளே நூலோ கம்பியோ தெரிந்தால் அந்த டயர் தேறாது.

2. காற்று

சுத்தியலால் தட்டிப் பார்ப்பது முழுதாக இறங்கிய டயரைக் காட்டிக்கொடுக்கும், பாதி இறங்கியதைக் காட்டாது. உள் வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் இருந்தால் அளவுமானி எட்டும். இருக்க வேண்டிய காற்றில் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்த நிலையில் ஓடிய டயருக்கு அப்படியே காற்றடிக்கக் கூடாது. பக்கச்சுவரில் உள்ள கம்பிகள் மடங்கிப் பலவீனமாகியிருக்கும். காற்று ஏறும்போதே வெடிக்கலாம். கழற்றி, உள்பக்கம் பார்த்த பிறகே அடிக்க வேண்டும்.

3. பட்டன் ஆழம்

பலரும் தவறு செய்யும் இடம் இது. காடிக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும், பக்கச்சுவரில் டி.டபிள்யூ.ஐ. எழுத்தோ முக்கோணமோ அந்த இடத்தைக் காட்டும். ஊசி அந்த மேட்டின் மேல் நின்றால் ஆழம் குறைவாகக் காட்டும். மேட்டுக்கு அப்பால், முக்கியக் காடியின் அடியில் ஊசி இறங்க வேண்டும். அகலத்தில் மூன்று இடம், சுற்றளவில் நான்கு இடம் என்று அளந்து, மிகக் குறைந்த அளவையே கணக்கில் வையுங்கள். குறைந்தபட்ச ஆழம் நாட்டுக்கு நாடு மாறும்: பல இடங்களில் 1.6 மி.மீ., சில நாடுகளில் கனரக வாகனத்துக்கு 1 மி.மீ.

4. ஜோடிப் பொருத்தம்

ஆழம் தேறினாலும் ஜோடி தேறாமல் போகலாம். 10.00R20 டயர்கள் இரண்டு, ஒரே தயாரிப்பு, ஒரே ரகம். வெளியே புதிது, பட்டன் 14 மி.மீ.; உள்ளே பழையது, 5 மி.மீ. ஆரத்தில் 9, அதாவது விட்டத்தில் 18 மி.மீ. வித்தியாசம். இந்த அளவு டயருக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பு சுமார் 12 மி.மீ.தான்.

இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 56 மி.மீ. தூரம் வேறுபடுகிறது; கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 300 சுற்று என்றால் 17 மீட்டர் அளவுக்கு டயர் சாலையில் தேய்த்துக்கொண்டே போகிறது. சுமை பெரும்பாலும் பெரிய டயரின் மேல் விழ, அது சூடேறுகிறது. சின்னது சறுக்கி, திட்டுத்திட்டாகத் தேய்கிறது. ஒரு பட்டன் வழவழப்பாகவும் அடுத்தது கூராகவும் கையில் பட்டால் இந்தப் பொருத்தக் குறையைச் சந்தேகிக்கலாம். உள் டயரில் காற்று குறைந்தாலும் இதே கதைதான்.

வேறு வேறு தயாரிப்பு என்றாலோ ரீட்ரெட் என்றாலோ பட்டன் ஆழத்தைக் கழித்துப் பார்ப்பது பயன்படாது. சக்கரத்தைத் தூக்கி எஃகு டேப்பால் சுற்றளவை அளந்து 3.14ஆல் வகுங்கள். ரேடியலையும் சாதா டயரையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது.

5. நட்டும் டிஸ்க்கும்

நட்டிலிருந்து வெளிநோக்கி ஓடும் துருக்கோடு, நட்டைச் சுற்றி உலோகம் பளிச்சிடும் வளையம் இரண்டும் நட் தளர்ந்ததற்கு அடையாளம். நீள்வட்டமாகிவிட்ட துளையும், துளைக்கும் காற்றோட்டத் துவாரத்துக்கும் நடுவே ஓடும் விரிசலும் டிஸ்க்கை மாற்ற வேண்டியவை. வெல்டு வைத்துச் சரிக்கட்ட முடியாது.

சோதனைக்காக டிஸ்க்குக்குப் பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹப்போடு ஒட்டும் முகத்திலும் நட் உட்காரும் இடத்திலும் பெயின்ட் தடிமனாகப் படியக் கூடாது. ஓட்டத்தில் அது நசுங்கி மெலியும்போது நட்டின் பிடிப்பு போய்விடும்.

பின்சேர்க்கை: டயர் மாற்றியதும் மறுநாளே சோதனைக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். நட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால், எதிரெதிராக முறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓட்டியபின் அதே அளவில் மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஓட்டத்துக்கு நேரம் இருக்கும்படி நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.