மேற்கூரை ஒழுகுகிறதா? பில்டருக்குக் கடிதம் இப்படி எழுதுங்கள்

என் முதல் கடிதத்தில் ஒரே வரிதான்: "படுக்கையறை சீலிங் ஒழுகுகிறது, சரிசெய்து தரவும்." ஆள் வந்து கறைமேல் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். அடுத்த மழையில் பெயின்ட் உப்பி அதே இடத்தில் சொட்டியது.

1. தேதிகள்

சாவி வாங்கிய நாள், முதலில் ஒழுகிய நாள், ஒப்பந்தத்தில் குறைபாடுகளுக்கு பில்டர் பொறுப்பேற்கும் காலத்தைச் சொல்லும் பிரிவின் எண். மூன்றும் முதல் பத்தியிலேயே வரட்டும்.

2. சான்று

நான் சறுக்கியது இங்கேதான். "இது பைப் கசிவு சார்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். பைப்பில் தண்ணீர் எப்போதும் இருக்கும், மழைக்காகக் காத்திருக்காது. அதனால் மழையில்லாத நாட்களில் கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் தேதி எழுதி, ஸ்கேல் வைத்துப் படமெடுத்தேன். குழாய்களை வழக்கம்போலத் திறந்தும் நான்கு நாளில் கறை கோட்டைத் தாண்டவில்லை.

பிறகு மொட்டைமாடியைப் பாதியாகப் பிரித்து, சிமென்ட் வரப்பு கட்டி, முதலில் வடிகால் இல்லாத பாதியில் 5 செ.மீ. தண்ணீர் தேக்கினேன். 24 மணி நேரம் ஒன்றுமில்லை. வடிகால் வாயைத் துணிமூட்டையால் அடைத்து மறுபாதியில் தேக்கியதும், ஐந்தே மணி நேரத்தில் கறை கோட்டைத் தாண்டியது. (5 செ.மீ. தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ. அதற்கு மேல் தேக்காதீர்கள். தளத்தில் பெரிய விரிசல் இருந்தால் தேக்கவே வேண்டாம், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.)

தண்ணீர் தளத்துக்குள் ஓடி வேறெங்கோ சொட்டும். ஆகவே "இங்கே ஓட்டை" என்று எழுதாமல் பார்த்ததை மட்டும் எழுதினேன்:

> "வடிகால் உள்ள பாதியில் தண்ணீர் தேக்கிய 5 மணி நேரத்தில் கறை 30 செ.மீ.யிலிருந்து 42 செ.மீ. ஆனது. மறுபாதியில் தேக்கியபோது மாற்றமில்லை. படங்கள் 1 முதல் 6 வரை இணைப்பில்."

3. என்ன வேண்டும்

"சரிசெய்யவும்" என்றால் பெயின்ட்தான் வரும்.

> "ஏழு நாளில் ஆய்வு செய்து காரணத்தை எழுத்தில் தரவும். வடிகால் வாயைச் சுற்றிய பூச்சை உடைத்தெடுத்து, வாட்டர் புரூஃபிங்கைப் புதிதாகச் செய்யவும். என் முன்னிலையில் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் காட்டிய பிறகே சீலிங் பூச்சும் பெயின்ட்டும் செய்யவும். செலவு தங்களுடையது."

இந்த வரிசை முக்கியம். சீலிங்கை முதலில் பூசிவிட்டால் கசிவு நின்றதா என்று சில வாரங்களுக்குத் தெரியாது.

4. அனுப்புவது

ஒப்புகை கிடைக்கும் ஸ்பீட் போஸ்ட், கூடவே மின்னஞ்சல். வாட்ஸ்அப் நினைவூட்டலுக்கு மட்டும்.

பின்சேர்க்கை: "டிஷ் ஆன்டெனாவுக்கு நீங்கள் துளை போட்டதால்தான்" என்று பில்டர் மறுத்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். துளை போட்டிருந்தால் நீங்களே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். அதைச் சுற்றி மட்டும் தண்ணீர் தேக்கிப் பார்த்து, கீழே கறை வளரவில்லை என்றால் அந்தப் படத்தையும் இணைத்துவிடுங்கள்.