விடுபட்ட வாக்கியத்தை எங்கே பொருத்துவது: மாணவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

ஐஐஎம் மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் கேட் தேர்வின் ஆங்கிலப் பகுதியில் ஒரு வகைக் கேள்வி வரும். ஒரு பத்தி, அதில் எண்ணிட்ட நான்கு இடைவெளிகள், வெளியே தனியாக ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் எந்த இடைவெளிக்குச் சொந்தம் என்று சொல்ல வேண்டும். சரியென்றால் மூன்று மதிப்பெண், தப்பென்றால் ஒன்று போய்விடும். மாலை வகுப்பில் பல வருடங்களாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளைகள்கூட இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பிரச்சினை மொழியறிவில் இல்லை, பார்க்கும் முறையில்தான் இருக்கிறது. அதனால் முதல் வகுப்பில் எப்போதும் தமிழ்ப் பத்தியைத்தான் கொடுப்பேன். முல்லைப் பெரியாறு பற்றி நானே எழுதிய பத்தி இது:

"மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் பெரியாறு, மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கிறது. (1) மலைக்குக் கிழக்கே இருந்த வைகைப் பாசனப் பகுதியோ, மழை பொய்த்த ஆண்டுகளில் காய்ந்து கிடந்தது. (2) ஆற்றை மலைமேலேயே மறித்து, சுரங்கம் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே இறக்கிவிடலாம் என்பதே அது. (3) 1887-இல் அணை வேலை தொடங்கியது. (4) ஆனால் வெள்ளம் வந்து, கட்டியதை அடித்துக்கொண்டு போனது. காய்ச்சல் தொழிலாளர்களை வாட்டியது. 1895-இல்தான் வேலை முடிந்தது."

விடுபட்ட வாக்கியம்: "இந்த முரணிலிருந்துதான் ஒரு யோசனை பிறந்தது."

வகுப்பில் பாதிப்பேர் (2) என்பார்கள். சிலர் (1) என்பார்கள், ஒன்றிரண்டு பேர் (4) என்பார்கள். (1) என்றவர்களைக் கேட்டால், "கடலில் கலக்குது சார், வீணாப் போகுது, அதுதானே முரண்" என்று பதில் வரும். இங்கேதான் முதல் தவறு. "இந்த" என்ற சொல்லைப் பார்த்ததும், அது சுட்டும் பொருளைத் தாங்களே மனசுக்குள் எழுதிக்கொள்கிறார்கள். பத்தியில் "வீண்" என்ற பேச்சே இல்லை. முரண் என்றால் இரண்டு பக்கம் வேண்டும். (1) வரைக்கும் ஒரு பக்கம்தான் வந்திருக்கிறது. மறுபக்கமான வறண்ட வைகை அடுத்த வாக்கியத்தில்தான் வருகிறது. சுட்டுச் சொல்லுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லை நிறுத்திப் படிக்க வேண்டும். "இந்த நதி" என்றிருந்தால் ஒரு நதி போதும். "இந்த முரண்", "இந்தச் சிக்கல்", "இந்த மாற்றம்" என்று வந்தால், முன்னால் ஒரு முழு நிலைமையே விரிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்துக்குப் போனதும் இதே தவறு வேறு உருவத்தில் வரும். பேச்சுத் தமிழில் நாம் ஒருமை, பன்மையை அஃறிணைக்கு அவ்வளவாகப் பார்ப்பதில்லை. "மாடுங்க வந்துச்சு" என்றுதான் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் "திஸ்", "தீஸ்" இரண்டையும் ஒன்றாகவே படித்துவிட்டுப் போகிறார்கள். "தீஸ் எக்ஸ்பெரிமென்ட்ஸ்" என்று வாக்கியம் தொடங்கினால், ஒரே ஒரு சோதனையைப் பற்றிச் சொன்ன வாக்கியத்துக்குப் பின்னால் அது உட்காராது. அந்த ஓர் எழுத்து வித்தியாசமே இரண்டு இடைவெளிகளைத் தள்ளிவிடும்.

இரண்டாவது தவறைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எல்லோரும் விடுபட்ட வாக்கியத்தையே வெறித்துப் பார்க்கிறார்கள், பத்தியைப் பார்ப்பதில்லை. (2)-க்கு அடுத்த வாக்கியத்தின் முடிவைக் கவனியுங்கள்: "என்பதே அது." எது? வைகைப் பகுதியா? காய்ந்து கிடந்ததா? பத்தியை இப்போதிருக்கிறபடி படித்தால் அந்த "அது"வுக்கு ஆளே இல்லை. "யோசனை" என்ற சொல் வந்து உட்கார்ந்தால்தான் அதற்கு உயிர் வருகிறது. இதை நான் அநாதைச் சொல் என்று சொல்வேன். பத்தியில் ஓர் அநாதை கிடைத்துவிட்டால், விடுபட்ட வாக்கியம் அதன் முன்னால்தான் வரும் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம். ஆகவே பத்தியை முதலில் அந்த வாக்கியம் இல்லாமலேயே ஒருமுறை படித்து, எங்கே கால் தடுக்குகிறது என்று குறித்துக்கொள்வது நல்லது.

தடுக்காத இடமும் சேதி சொல்லும். ஒரு வாக்கியத்தைச் செருகும்போது, ஏற்கெனவே ஒட்டியிருந்த இரண்டு வாக்கியங்களைப் பிரிக்கிறோம். (1)-ஐப் பாருங்கள். "பகுதியோ" என்பதில் இருக்கும் அந்த "ஓ", முந்தைய வாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது: அங்கே ஆறு கடலுக்கு ஓடுகிறது, இங்கேயோ வறட்சி. நடுவில் "யோசனை பிறந்தது" என்று நுழைத்தால் அந்தப் பிடி விட்டுப்போகும்.

அடுத்து, அதே பத்தியில் (2)-ஐ நிரப்பிவிட்டு, வேறொரு வாக்கியத்தைக் கொடுப்பேன்: "எனினும் அது காகிதத்தைத் தாண்ட நீண்ட காலம் ஆனது."

இதற்கு (4) என்று நிறையப் பேர் எழுதுவார்கள். காரணம் கேட்டால், "தாமதம், வெள்ளம், காய்ச்சல் எல்லாம் தடைதானே சார், ஒரே இடத்துல வரணும்ல" என்பார்கள். பொருள் ஒத்த சொற்களைக் கூட்டம் சேர்ப்பது மூன்றாவது தவறு. (4)-இல் வைத்துப் படியுங்கள்: "1887-இல் அணை வேலை தொடங்கியது. எனினும் அது காகிதத்தைத் தாண்ட நீண்ட காலம் ஆனது. ஆனால் வெள்ளம் வந்து..." வேலை தொடங்கிவிட்டதென்றால் காகிதத்தைத் தாண்டிவிட்டது என்றுதானே பொருள்? காலம் பின்னோக்கி ஓடுகிறது. "ஆனால்" என்ற சொல்லும் தவித்துப்போகிறது. அது "வேலை தொடங்கியது" என்பதை மறிக்க வந்த சொல். இப்போது அதன் முன்னால் நிற்பதும் ஒரு தடை. தடைக்கும் தடைக்கும் நடுவில் "ஆனால்" எதற்கு?

(3)-இல் வைத்தால் எல்லாம் சரியாகிறது. "அது" யோசனையைச் சுட்டுகிறது. யோசனைக்கும் தாமதத்துக்கும் இடையே "எனினும்" தன் வேலையைச் செய்கிறது. பிறகு 1887 தானாக வருகிறது. (உண்மை வரலாறும் அப்படித்தான். ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே இந்தத் தண்ணீரைத் திருப்புவது பற்றி யோசித்திருக்கிறார். ஆனால் இந்த மாதிரி வெளியறிவை வைத்து விடை எழுதக்கூடாது. பத்தி சொல்வது மட்டும்தான் கணக்கு.)

இணைப்புச் சொல்லைப் பார்த்ததும் "முரண் எங்கே இருக்கிறது" என்று தேடினால் போதாது. எதற்கும் எதற்கும் முரண் என்று இரண்டு பக்கத்தையும் சொல்லத் தெரிய வேண்டும். சொல்ல முடியவில்லையென்றால் அந்த இடம் தப்பு.

சில வாக்கியங்களில் சுட்டும் இருக்காது, இணைப்பும் இருக்காது. அங்கே பெயர்கள் உதவும். "ஜான் பென்னிகுயிக் என்ற பிரிட்டிஷ் பொறியாளரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது" என்பது விடுபட்ட வாக்கியம் என்று வைத்துக்கொள்வோம். பத்தியில் வெறும் "பென்னிகுயிக்" என்றோ "அவர்" என்றோ எங்கே முதலில் வருகிறதோ, அதற்கு முன்னால்தான் இந்த வாக்கியம் வந்தாக வேண்டும். முழுப்பெயரும் அறிமுகமும் முதலில், சுருக்கம் பிறகு. இது இடத்தைத் துல்லியமாகக் காட்டாது, எல்லையை மட்டும் காட்டும். பெரும்பாலும் இரண்டு இடைவெளிகள் அதிலேயே கழிந்துவிடும். மிச்சமிருக்கும் இரண்டில் முதலாவதில் வைத்து, முன்னால் ஒரு வாக்கியம், பின்னால் ஒரு வாக்கியம் சேர்த்து மூன்றையும் வாய்விட்டுப் படிப்பதுபோல் படியுங்கள். பிறகு அடுத்ததில் வைத்து அப்படியே படியுங்கள். அதற்கும் மேல் இரண்டும் பொருந்துகிற மாதிரி தெரிந்தால், எடுத்துவிட்டாலும் ஒழுங்காகப் படிக்க முடிகிற இடத்தை விட்டுவிட்டு, எடுத்தால் தடுக்குகிற இடத்தைத் தேர்ந்தெடுப்பேன்.