தப்பாகப் பிடித்த பணத்தை மட்டும் கேட்டால் போதாது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒரு பெண், வங்கி மேலாளருக்குத் தானே எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். நான் கிளையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் தெருவில் இப்படி யாராவது வருவது வழக்கம். கடிதம் ஒரே வரி: “தவறுதலாகப் பிடித்த ரூ.4,000-ஐக் கருணை கூர்ந்து திருப்பித் தரவும்.”

“அண்ணே, இது போதும்ல?” என்றார். பாஸ்புக்கைப் பார்த்தேன். போதாது.

நடந்தது இதுதான். 5-ஆம் தேதி ஆர்.டி. தவணை ரூ.4,000 வழக்கம்போலப் போனது, மீதி ரூ.4,700. 7-ஆம் தேதி அதே தவணையை வங்கி இன்னொரு முறை பிடித்துவிட, இருப்பு ரூ.700 ஆனது. 10-ஆம் தேதி வண்டிக் கடன் தவணை ரூ.3,150 வந்து பவுன்ஸ் ஆனது. ஃபைனான்ஸ்காரர்கள் 14-ஆம் தேதி மறுபடி அனுப்ப, அதுவும் திரும்பியது. ஒவ்வொரு முறைக்கும் வங்கி ரூ.250, அதன்மேல் 18% ஜிஎஸ்டி ரூ.45, ஆக ரூ.295 பிடித்தது. ஃபைனான்ஸ் கம்பெனி தன் பங்குக்கு ரூ.472 அபராதம் போட்டது.

அவர் எழுதியபடி கொடுத்திருந்தால் 4,000 வந்திருக்கும், மற்றதெல்லாம் அப்படியே நின்றிருக்கும். பவுன்ஸ் கட்டணத்தை கம்ப்யூட்டர் தானாகப் பிடிக்கும். மூலத் தவறைச் சரிசெய்தாலும் அது தானாகத் திரும்பி வராது. யாராவது தனியாக உட்கார்ந்து வரவு வைக்க வேண்டும். அதனால் இந்தக் கட்டணம் அந்தத் தவறால்தான் வந்தது என்று கடிதம் காட்டியாக வேண்டும். அதற்கு ஒரு வாக்கியம் போதும்: “7-ஆம் தேதி இரண்டாம் முறை பிடிக்காமல் இருந்திருந்தால் 10-ஆம் தேதி என் கணக்கில் ரூ.4,700 இருந்திருக்கும், ரூ.3,150 தவணை திரும்பியிருக்காது.” இந்தக் கணக்கு எழுதாத கடிதத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அந்தக் ‘கருணை கூர்ந்து’. மரியாதையாகத்தான் எழுதுகிறோம். ஆனால் கட்டணத்தைத் ‘தள்ளுபடி’ செய்யக் கேட்டால் அது மேலாளர் விரும்பினால் காட்டும் சலுகையாகிவிடும், பாதிதான் முடியும் என்று சொல்லவும் இடம் கிடைக்கும். வங்கியின் பிழையால் பிடித்ததைத் ‘திரும்ப வரவு வைக்க’ கேட்பது வேறு. ஐயா என்று எழுதுங்கள், கெஞ்ச வேண்டாம். கேட்கும் தொகையும் ஜிஎஸ்டி சேர்த்து ரூ.590 என்றே இருக்கட்டும். பலர் 500 என்று எழுதிவிட்டு 90-ஐ விட்டுவிடுகிறார்கள்.

கவுன்ட்டரில் ஒரு பதில் கட்டாயம் வரும்: “பணம் உங்க ஆர்.டி.யிலதானம்மா இருக்கு, அடுத்த மாசத்துக்கு வச்சுக்கலாம்.” வாய்வார்த்தையில் சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஒத்துக்கொண்டால் அதையும் கடிதத்தில் எழுதி, கட்டணங்கள் மட்டும் பாக்கி என்று குறிப்பிடுங்கள். இல்லையென்றால் ரூ.4,000-ஐ 7-ஆம் தேதியே ‘வேல்யூ டேட்’டாக வைத்து, அதாவது அன்றே கணக்குக்குத் திரும்பியதாகக் கொண்டு, வரவு வைக்கக் கேளுங்கள். சேமிப்புக் கணக்கு வட்டி தினசரி இருப்பின் மேல் கணக்கிடப்படுகிறது. இந்தத் தொகைக்குச் சில ரூபாய்தான், ஆனாலும் வங்கியிடம் கடனாக எடுத்துப் புழங்கும் ஓ.டி. கணக்காக இருந்தால் அந்தத் தேதி நிஜமாகவே காசு.

ரூ.472 வங்கியிடம் போகாத பணம். அதை இழப்பீடாகக் கேட்க வேண்டும், ஃபைனான்ஸ் கம்பெனியின் ரசீது நகலோடு. கூடவே, தவணை திரும்பியதற்கு வங்கியின் பிழையே காரணம் என்று ஒரு கடிதம் கேளுங்கள். அதைக் காட்டினால் ஃபைனான்ஸ்காரர்களே அபராதத்தை எடுத்துவிடலாம்; கடன் வரலாற்றில் தாமதம் பதிந்திருந்தால் திருத்தக் கேட்கவும் உதவும். என்னைக் கேட்டால், 472-ஐவிட இந்தத் தாள்தான் பெரியது.

பாஸ்புக்கை அப்படியே கொடுத்துவிட்டு வருபவர்களும் உண்டு. நகல் போதும், அந்த நான்கு வரிகளையும் பேனாவால் கட்டம் போட்டுக் காட்டினால் தேட வேண்டியிருக்காது.

கடைசியாக, நம்மிடம் இருக்கும் பிரதியில் தேதியோடு கிளையின் முத்திரை. முத்திரை வைக்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டதற்கு அத்தாட்சி இந்த முத்திரையோ தபால் அத்தாட்சியோதான்.

அந்தப் பெண்ணின் கடிதத்தை மறுபடி எழுதினோம். பொருள் வரி இப்படி முடிந்தது: “ரூ.4,000 இருமுறை பற்று வைத்ததைச் சரிசெய்து, அதனால் பிடித்த ரூ.590-ஐத் திரும்ப வரவு வைத்து, ரூ.472 இழப்பீடு தருதல் – மொத்தம் ரூ.5,062.” கூட்டுத்தொகையைப் பார்த்ததும், “ஆயிரத்துச் சொச்சத்த விடப் பாத்தேனே” என்றார்.