நாளிதழ் அட்டவணையிலிருந்து பகல் நீளம்

நாளிதழில் வரும் சூரிய உதயம், அஸ்தமன நேரத்தை வாரம் ஒருமுறை படமெடுத்து வையுங்கள். அஸ்தமனத்திலிருந்து உதயத்தைக் கழித்து 12 மணி கூட்டினால் பகலின் நீளம்.

சென்னையில் மார்ச் 14 வாக்கில் உதயம் 6:17, அஸ்தமனம் 6:19. வித்தியாசம் 2 நிமிடம், ஆகப் பகல் 12 மணி 2 நிமிடம். அஸ்தமனம் பிற்பகல் என்பதால்தான் அந்த 12. டிசம்பரில் 6:26, 5:48 என்று வரும்; அப்போது 12-இலிருந்து 38 நிமிடம் குறையுங்கள்.

வார மாற்றத்துக்குக் கழித்தல்கூட வேண்டாம். மார்ச் 21-இல் 6:13, 6:20. காலையில் 4, மாலையில் 1, மொத்தம் 5 நிமிடம் கூடியிருக்கிறது. இரண்டு படத்திலும் ஒரே ஊர்தானா என்று மட்டும் பாருங்கள்.

ஜூன், டிசம்பர் பிற்பாதியில் இது உதவாது. வார மாற்றம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அட்டவணையோ முழு நிமிடமாகத்தான் போடுகிறது.