ஏரிக்கரையில் கன்று வேண்டாம், பனங்கொட்டை போடுங்கள்

ஏரியைச் சுத்தம் செய்யும் குழுக்கள் கரையில் மரக்கன்றுக்குப் பதிலாகப் பனங்கொட்டையை, செப்டம்பரில், வடகிழக்கு மழைக்கு முன்பே ஊன்றிவிடுங்கள். சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று கன்று நடுவது போட்டோவுக்கு நல்லது. சென்னையில் அதற்கப்புறம் மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்ற யார் வருவார்கள்?

ஆவணி, புரட்டாசியில் பழம் விழும், கொட்டை ஓசி. முளை முதலில் மண்ணுக்குள் கீழே இறங்கி, ஆழத்தில் வேர்விட்ட பிறகுதான் இலையை மேலே அனுப்புகிறது. அதனால் கூண்டும் வேண்டாம், தண்ணீர் லாரியும் வேண்டாம். 300 அடிக் கரைக்குப் பத்தடி இடைவெளியில் சுமார் 30 குழி, அரையடி ஆழம், குழிக்கு இரண்டு கொட்டை. அறுபது கொட்டை, ஒரு காலை வேலை. முளைத்ததா என்று தோண்டிப் பார்க்காதீர்கள், முளை ஒடிந்துவிடும். இலை தெரிய மாதங்கள் ஆகும். பொங்கல் சமயத்தில் கிழங்குக்காகப் பிடுங்குபவர்கள் மீதும் ஒரு கண் வேண்டும்.

தெருவோரம், மின்கம்பிக்குக் கீழே இது சரிவராது. சீக்கிரம் நிழல் வேண்டுமென்றால் புங்கன்தான். ஏரியைத் தூர்வாரும் திட்டம் இருந்தால் ஜேசிபி போன பிறகு ஊன்றுங்கள். அதிகாரிகளிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.