கார்டு பில் கட்டியாச்சு, லிமிட் மட்டும் ஏறலையா? காசு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி

சனிக்கிழமை இரவு 9.40க்கு என் தங்கை தன் கிரெடிட் கார்டு பில் 48,000 ரூபாயை ஒரு யூபிஐ ஆப் வழியாகக் கட்டினாள். கடைசித் தேதி திங்கட்கிழமை. ஞாயிறு மதியம் போன் வந்தது. “அண்ணா, அக்கவுண்ட்ல இருந்து காசு போயிருச்சு. கார்டுல லிமிட் ஏறவே இல்ல. மறுபடி ஒருவாட்டி கட்டிடவா?”

கட்டாதே என்றேன். உங்களுக்கும் முதலில் அதையேதான் சொல்வேன். இரண்டாவது முறை கட்டினால் இரண்டு தொகையுமே கார்டில் ஏறிவிடும். கூடுதலாகப் போன பணத்தைத் திரும்ப வாங்கத் தனியாக வேண்டுகோள் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அதற்குள் சேமிப்புக் கணக்கில் வீட்டுக்கடன் தவணைக்கான பணம் இல்லாமல் போனால் அது வேறு வம்பு.

லிமிட் ஏன் உடனே ஏறுவதில்லை

பணம் பயணிக்கும் வழி இப்போது வேகமாகிவிட்டது. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல், விடுமுறை பாராமல் ஓடுகிறது. அரை மணிக்கு ஒரு தொகுப்பு, நாளுக்கு 48 தொகுப்பு. யூபிஐ, ஐஎம்பிஎஸ் இரண்டும் அதைவிட வேகம். அதனால் தாமதம் பெரும்பாலும் வழியில் இல்லை, கார்டு வங்கிக்கு உள்ளேதான்.

வங்கியில் சேமிப்புக் கணக்குக்கு ஒரு மென்பொருள், கார்டுக்கு வேறொரு மென்பொருள். வெளியிலிருந்து வரும் கார்டு பணம் முதலில் வங்கியின் பொதுக் கணக்கு ஒன்றில் விழும். எந்தக் கார்டுக்கு எவ்வளவு என்ற பட்டியல் கோப்பாகக் கார்டு மென்பொருளுக்குப் போகும். பல வங்கிகளில் அன்றைய வேலை முடிந்து இரவில் ஓடும் கணக்குமுடிப்பில்தான் அது உங்கள் பேரேட்டில் பதிவாகிறது. இதைத்தான் போஸ்டிங் என்பார்கள். ஒரு நாள் வேலையை முடிக்கும் நேரத்துக்குப் பிறகு வந்த பணம் அடுத்த நாள் கணக்கில் சேரும்.

இன்னொன்றும் உண்டு. கடையில் கார்டைத் தேய்க்கும்போது “சரி” அல்லது “இல்லை” என்று சொல்வது பேரேடு இல்லை, அனுமதி கொடுக்கும் தனிப் பகுதி. நமக்குத் தெரியும் அவெய்லபிள் லிமிட் அந்தப் பகுதி வைத்திருக்கும் எண். பேரேட்டில் பாக்கி குறைந்த பிறகும் அந்த எண் மாற நேரம் பிடிக்கலாம். காசோலையாகவோ வேறு வங்கிக் கணக்கிலிருந்து ஆட்டோ டெபிட்டாகவோ கட்டினால் அது திரும்பிவிட வாய்ப்பு இருக்கிறது. அதனால் சில வங்கிகள் பணம் உறுதியாகும்வரை வேண்டுமென்றே லிமிட்டைப் பிடித்து வைக்கும். வழக்கத்தைவிடப் பெரிய தொகை கட்டினாலும் இப்படி நடப்பதுண்டு.

படி 1: ரசீதைப் படியுங்கள்

ஆப்பில் பச்சை டிக் இருந்தால் போதாது. கட்டிய நேரம், கார்டின் கடைசி நான்கு எண், பரிவர்த்தனை எண் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். நெஃப்ட் என்றால் யூடிஆர் எனப்படும் அந்த எண் 16 எழுத்து, யூபிஐ என்றால் 12 இலக்கம். கட்டியது பில் கட்டுவதற்கான பொது அமைப்பான பாரத் கனெக்ட் வழி என்றால் அதற்கென்று தனி எண் ரசீதில் இருக்கும். ஆப்பில் புகார் கொடுக்க அது வேண்டும்.

கடைசி நான்கு எண்ணைக் கட்டாயம் சரிபாருங்கள். கார்டு தொலைந்து புதியது வந்திருக்கும், நெட்பேங்கிங்கில் சேமித்து வைத்த பயனாளியில் பழைய எண்ணே இருக்கும். நான் பார்த்தவற்றில் நாள்கணக்கில் இழுத்தடித்தவை பலவும் இந்த வகைதான். கார்டு எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களைச் சரிபார்க்கும் கணக்கு என்பதால், ஒரே ஓர் இலக்கம் தவறினால் அது செல்லாத எண்ணாகிவிடும். பணம் இன்னொருவர் கார்டில் ஏறாது. ஆனால் பழைய எண் ஒரு காலத்தில் செல்லுபடியான எண். அந்தப் பணத்தைப் புதிய எண்ணுக்கு மாற்ற வங்கியில் ஒருவர் கைவைக்க வேண்டியிருக்கும்.

படி 2: எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

முதலில் சேமிப்புக் கணக்கைப் பாருங்கள். பணம் போய்த் திரும்பி வந்திருந்தால் பில் இன்னும் கட்டப்படவில்லை, உடனே கட்ட வேண்டும். திரும்பவில்லை என்றால் கார்டு வங்கியின் ஆப்பில் அண்மைப் பரிவர்த்தனைகளைத் திறந்து பாருங்கள். அங்கே வரவு இல்லை என்றால் பதிவு வேலை நடக்கவில்லை. வரவு இருக்கிறது, பாக்கியும் குறைந்திருக்கிறது, லிமிட் மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் பணம் பத்திரம்; அனுமதிப் பகுதிதான் இன்னும் விடவில்லை.

தங்கை கார்டில் ஞாயிறு முழுக்க வரவு இல்லை. திங்கள் காலை வரவு தெரிந்தது, சனிக்கிழமை தேதியிட்டு. லிமிட் செவ்வாய் காலைதான் ஏறியது.

படி 3: கடைசித் தேதி பயம்

பதிவான நாள் வேறு, பணம் வந்த நாள் வேறு. உங்களுக்கு முக்கியம் இரண்டாவது. பதிவு தாமதமானதால் அபராதம் விழுந்திருந்தால் ரசீதைக் காட்டி நீக்கச் சொல்லுங்கள். தவிர, ரிசர்வ் வங்கியின் கார்டு விதிப்படி, கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கலாம். வட்டிக்கு இந்தச் சலுகை இல்லை. அதனால் கடைசித் தேதிக்கு மூன்று வேலை நாள் முன்பே கட்டிவிடுவது என் பழக்கம்.

படி 4: எப்போது, எப்படிக் கேட்பது

மூன்று வேலை நாளில் வரவு தெரியவில்லை என்றால் கார்டு வங்கிக்குப் போன் செய்யுங்கள். “லிமிட் ஏறல” என்று தொடங்கினால் “காத்திருங்க” என்றுதான் பதில் வரும். “இந்த யூடிஆர் உங்களுக்கு வந்து சேர்ந்ததா? எந்தக் கார்டு எண்ணில் பதிவாச்சு?” என்று கேளுங்கள். வந்து சேரவே இல்லை என்றால் பணம் அனுப்பிய ஆப்பிலோ வங்கியிலோ புகார் கொடுக்க வேண்டும். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் போகலாம்.

படி 5: ஏறிய லிமிட் சரியா?

செவ்வாய் காலை தங்கைக்கு மறுபடி பதற்றம். அவள் லிமிட் ஒரு லட்சம். பில்லுக்குப் பிறகு செலவழித்தது 9,500. ஆக 90,500 இருக்க வேண்டும், ஆப் 78,500 காட்டியது. “12,000 எங்கண்ணா போச்சு?”

கட்டுவதற்கு முன் லிமிட் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். 30,500. அதோடு 48,000 சேர்த்தால் 78,500. கட்டிய பணம் முழுசாக ஏறிவிட்டது என்று அர்த்தம். நீங்களும் இப்படியே கூட்டிப் பாருங்கள். மொத்த லிமிட்டிலிருந்து பாக்கியைக் கழித்தால் குழப்பமே மிஞ்சும். காரணம், பேரேட்டில் தெரியாத பிடிமானங்களும் லிமிட்டைத் தின்னும். தவணையாக மாற்றிய பொருளில் மீதமுள்ள அசல் அப்படிப்பட்ட ஒன்று. ஓட்டல் முன்பணம் இன்னொன்று.

தங்கை முந்தைய வாரம் ஊட்டியில் தங்கியிருந்தாள். அறை எடுக்கும்போது ஓட்டலில் கார்டைத் தேய்த்து 12,000 பிடித்து வைத்தார்கள். கிளம்பும்போது அவள் யூபிஐயில் கட்டினாள்; பிடித்ததை விடுவிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஓட்டலுக்குப் போன் செய்து, அந்த அனுமதியை ரத்து செய்யச் சொன்னாள். மறுநாள் மாலை ஆப்பில் 90,500 வந்தது.