ரிலே ஏன் 'டர்ர்' என்கிறது? ஷ்மிட் ட்ரிகரில் நாம் செய்யும் தவறுகள்

இருட்டினால் தானே எரியும் விளக்கு ஒன்றை எல்எம்358 ஆப்-ஆம்ப் வைத்துச் செய்கிறோம். 12 வோல்ட்டிலிருந்து எல்டிஆர், அதன் கீழே ஒரு ரெசிஸ்டர். இரண்டும் சேரும் இடம் மைனஸ் காலுக்குப் போகிறது. பிளஸ் காலில் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் 6 வோல்ட்டைத் தருகின்றன. அவுட்புட் ஒரு ரிலே வழியாக விளக்கை எரிய வைக்கிறது. மேசையில் எல்டிஆரைக் கையால் மூடினால் சரியாக வேலை செய்யும். சாயங்காலம்தான் வம்பு. வெளிச்சம் மெதுவாகக் குறைந்து மைனஸ் காலின் மின்னழுத்தம் 6 வோல்ட்டை நெருங்கும்போது, பக்கத்து டியூப்லைட்டின் நொடிக்கு 100 தடவைத் துடிப்பும் அதில் கலந்திருக்கும். மின்னழுத்தம் எல்லையை மேலும் கீழுமாகத் தாண்டித் தாண்டி ரிலேயை அலற வைக்கும்.

அவுட்புட்டிலிருந்து பிளஸ் காலுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால், எரிவதற்கு ஓர் எல்லை, அணைவதற்கு வேறோர் எல்லை என்று ஆகிவிடும். இந்த இடைவெளிதான் ஹிஸ்டரிசிஸ், இப்படி அமைத்த சுற்றுதான் ஷ்மிட் ட்ரிகர்.

அந்த ரெசிஸ்டரைத் தவறி மைனஸ் காலில் சேர்ப்பவர்கள் நிறைய. அப்போது அது எதிர்ப் பின்னூட்டம். அவுட்புட் டக்கென்று தாவாது; வெளிச்சத்தோடு மெல்ல நகரும். மல்டிமீட்டரில் இதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது, இடைவெளியைக் கணக்குப் போடாமல் கைக்கு வந்த ரெசிஸ்டரைப் போடுவது. எல்எம்358-இன் அவுட்புட் 12 வோல்ட் வரை ஏறாது, ஏறக்குறைய 10.5-இல் நின்றுவிடும், கீழே பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் பிளஸ் காலுக்கு 5 கிலோ ஓம் போலத்தான் தெரியும். பின்னூட்டத்துக்கு 100 கிலோ ஓம் என்றால்:

```
10.5 × 5 / (100 + 5) = 0.5 V
```

5.71 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எரியும், 6.21-ஐத் தாண்டினால் அணையும். டியூப்லைட் துடிப்பு உச்சிக்கு உச்சி 0.3 வோல்ட் என்றால் கவலையில்லை. அதே இடத்தில் 1 மெகா ஓம் போட்டால் இடைவெளி 0.05 வோல்ட்தான், பின்னூட்டம் இருந்தும் ரிலே அலறும். அதற்காக 10 கிலோ ஓமுக்கு இறங்கிவிடவும் கூடாது. இடைவெளி 3.5 வோல்ட்டாகி, விடிந்து வெகு நேரம் ஆகியும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். முதலில் இரைச்சலை அளந்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வைப்பதே என் வழக்கம்.

இத்தனையும் சரியாக இருந்தும் விளக்கு நிதானமாகக் கண்சிமிட்டினால் ஆப்-ஆம்பைத் திட்டாதீர்கள். விளக்கின் வெளிச்சமே எல்டிஆரில் விழுகிறது. எரிந்ததும் மின்னழுத்தம் 6.21-ஐத் தாண்டுகிறது, விளக்கு அணைகிறது, இருட்டில் மறுபடி எரிகிறது. இரவில் விளக்கு எரியும்போதும் அணையும்போதும் மைனஸ் காலை அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு வோல்ட் இருந்தால் ரெசிஸ்டரை மாற்ற வேண்டாம். எல்டிஆரை ஒரு சிறு குழாய்க்குள் வைத்து வானத்தைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள்.